ஆற்றை மடித்துக் கொண்டுபோனார்கள்

என் முதல் மொழிபெயர்ப்புக்கு உயிர் வந்தது ஒரு தட்டச்சுப் பிழையால்தான். இதை வெளியில் சொல்ல எனக்கு வெகுநாள் கூச்சமாக இருந்தது. இப்போது அந்தக் கூச்சம் போய்விட்டது.

நான் தாம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். வீடு மாடம்பாக்கத்தில், நாற்பது குடும்பங்கள் இருக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். என் வாழ்க்கையில் மாயம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் நடந்ததில்லை. காலை ஏழரைக்கு ஷேர் ஆட்டோ, மாலை ஐந்துக்கு இன்னொரு ஷேர் ஆட்டோ, நடுவில் எட்டு பீரியட். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு சிறிய பதிப்பகத்தின் ஆசிரியர் ஒரு நாவலைக் கொடுத்தார். எங்கேயோ வேறு கண்டத்தில், ஒரு ஆற்றங்கரை ஊரைப் பற்றி எழுதப்பட்டது. மூலமொழி எனக்குத் தெரியாது. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்.

"மாய யதார்த்த நாவல் மேடம். நீங்க கட்டுரை எழுதறத பாத்திருக்கேன். உங்களுக்கு வரும்" என்றார். அவருக்கு என்னைவிட இருபது வயது குறைவு. பெரிய கண்ணாடி, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை.

மாய யதார்த்தம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். நடக்க முடியாதது நடக்கும், அவ்வளவுதானே. நாவலைப் படித்தபோதும் அப்படித்தான் தோன்றியது. கதையின் முக்கியமான அத்தியாயம் இது: ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தலைநகரத்திலிருந்து அதிகாரிகள் லாரிகளோடு வருகிறார்கள். அந்த ஊரின் ஆற்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். துணி துவைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், இந்தப் போர்வையை மட்டும் அலசிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பத்து நிமிடம் என்கிறார். லாரிகள் போன பிறகு மூன்று நாட்கள் சாலை ஈரமாக இருக்கிறது. பள்ளித் தலைமையாசிரியை, வேடிக்கை பார்க்கப் போன பிள்ளைகளுக்கெல்லாம் ஆப்சென்ட் போடுகிறாள்.

ஊரில் ஒருவரும் "ஆற்றை எப்படி எடுக்க முடியும்?" என்று கேட்கவில்லை. அவர்கள் வாய் பிளந்து நிற்பது வேறொன்றுக்கு. கடைசியில் ஒரு குமாஸ்தா வந்து, வீட்டுக்கு ஒன்றாக ரசீது கொடுக்கிறான். 'ஆறு, ஒன்று, பயன்படுத்தப்பட்டது' என்று எழுதி, கீழே கையெழுத்து. அந்தக் காகிதத்தைத்தான் ஊரே கைமாற்றிக் கைமாற்றிப் பார்க்கிறது. சிலர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

படிக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் தமிழில் எழுதியது நாவலாக வரவில்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் போடும் நாடகம் மாதிரி வந்தது. எங்கே பிசகு என்று பிடிபடவே இல்லை. நூற்றிருபது பக்கம் கையால் எழுதி முடித்துவிட்டு, அலுப்போடு அதை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் இருக்கும் ஒரு டிடிபி கடைக்குப் போனேன்.

அந்தக் கடையை ஒரு பெண் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். முடிச்சூர்ப் பக்கத்துக்காரர். கழுத்தில் சிறிய சிலுவை. இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், ஓயாத மின்விசிறி. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு, எல்லாம் அங்கேதான் பிறக்கும். அவருடைய விரல்கள் தட்டச்சு செய்வதைப் பார்த்தால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். பார்வை என் கையெழுத்திலேயே இருக்க, விரல்கள் தம் பாட்டுக்குப் போகும்.

ஒரு வாரம் கழித்து முதல் முப்பது பக்கம் பிரதி எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்குப் போகும் ஆட்டோவிலேயே பிரித்தேன். ஆறு போகும் அத்தியாயத்தின் முதல் வரியில் கண் நின்றது.

நான் எழுதியிருந்தது இப்படி: 'அந்தச் செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்து ஆற்றை எடுத்துக்கொண்டு போனார்களாம்.'

பிரதியில் இருந்தது: 'அந்தச் செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் வந்து ஆற்றை எடுத்துக்கொண்டு போனார்கள்.'

கடைசியில் ஒரு 'ஆம்' விழுந்துபோயிருந்தது. அதற்கு அடுத்த வரியில் நான் எழுதிய 'ஆம்' அப்படியே இருந்தது. 'பத்து நிமிடம் கொடுத்தாராம்.' இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்தேன். முதல் வரியில் ஆறு உண்மையிலேயே போயிருந்தது. இரண்டாவது வரியில் யாரோ யாருக்கோ கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டியது தெரியவில்லை. இறங்க வேண்டிய இடத்தையும் தாண்டி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வந்தேன்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் கடைக்கு ஓடினேன். பிரதியை மேஜைமேல் விரித்து, அந்த இடத்தைக் காட்டினேன்.

"அய்யோ சாரி டீச்சர்" என்றார் அவர். "கண்ணு தவறிப்போச்சு. இப்பவே போட்டுடறேன்."

"போடாதீங்க. மத்ததையும் எடுத்துடுங்க."

"எல்லா ஆமையுமா?"

"எல்லா ஆமையும்."

அவர் சிரித்துவிட்டார். நானும்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. தமிழில் நம்ப முடியாததைச் சொல்லும்போது நம் நாக்கு தானாகவே ஒரு 'ஆம்' சேர்த்துக்கொள்கிறது. ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தாராம். கிளி பேசியதாம். 'நான் பார்க்கவில்லை, சொன்னார்கள், நான் பொறுப்பில்லை' என்று கைகழுவும் எழுத்து அது. மாய யதார்த்தத்தில் கதைசொல்லி கைகழுவக் கூடாது. பக்கத்து வீட்டில் கேஸ் சிலிண்டர் வந்ததைச் சொல்கிற அதே குரலில், ஆறு போனதையும் சொல்ல வேண்டும். குரல் ஒரு இழை உயர்ந்தாலும் ஆறு ஜோடனை ஆகிவிடும். நான் நூற்றிருபது பக்கமும் குரலை உயர்த்தி வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் மாலை ஒரு மணி நேரம் அந்தக் கடையில் உட்காருவது வழக்கமாயிற்று. நான் படிப்பேன், அவர் தட்டுவார். நடுநடுவே யாராவது ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வருவார்கள். அவர் எழுந்து போய் எடுத்துக் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கதையில் அவருக்கு ஈடுபாடு வந்துவிட்டது எனக்கு ஒரு கேள்வியால் தெரிந்தது.

'ஆச்சரியம் என்னவென்றால், ஆறு போன பிறகும் படகுக்காரன் வறண்ட மணலில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தான், இறங்கியவர்களின் கால்கள் முழங்கால் வரை நனைந்திருந்தன' என்று நான் படித்தேன். விரல்கள் நின்றன.

"யாருக்கு ஆச்சரியம் டீச்சர்?"

"ஏன்?"

"அந்த ஊர்ல யாருமே ஆச்சரியப்படலையே. படகுக்காரன் எப்பவும் போலத்தான கட்டணம் வாங்கறான். அப்ப ஆச்சரியப்படறது யாரு? நீங்களா?"

நான்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் இல்லவே இல்லை. வாசகருக்கு எங்கே வியக்க வேண்டும் என்று கை காட்டுவதற்காக நானாகச் சேர்த்திருந்தேன். அடித்தேன். பிறகு 'திடீரென்று' என்பதைத் தேடித் தேடி அடித்தோம். 'மாயமாக', 'எப்படியோ', 'நம்ப முடியாத வகையில்', எல்லாம் போயின. போகப் போக ஒன்று தெரிந்தது: அந்த நாவலாசிரியர், நடக்க முடியாத விஷயத்தைச் சொல்லும்போதெல்லாம் சின்னச் சின்னத் தகவல்களை அதிகமாகக் கொடுக்கிறார். எத்தனை லாரி, என்ன கிழமை, போர்வையில் என்ன நிறப் பூ. ஏன், எப்படி என்பதற்கு மட்டும் வாயே திறப்பதில்லை. பேய்க்கதையில் யாராவது பயப்படுவார்கள். மந்திரவாதிக் கதையில் மந்திரத்துக்கென்று தனி உலகமும் தனி விதியும் இருக்கும். இங்கே இருப்பது ஒரே உலகம். அதில் தபால்காரரும் உண்டு, தாமதமாக வரும் சம்பளமும் உண்டு, மடக்கி எடுத்துப்போகக் கூடிய ஆறும் உண்டு.

அந்த மடக்கும் விஷயத்தில்தான் நாங்கள் நான்கு நாட்கள் சிக்கிக்கொண்டோம்.

நான் முதலில் எழுதியிருந்தது 'ஆற்றைச் சுருட்டினார்கள்' என்று. பாய் மாதிரி. ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட அதுதான். அவர் அதைத் தட்டிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"இன்னா டீச்சர், சுருட்டிட்டாங்களா? கவுன்சிலர் சுருட்டினாரு, காண்ட்ராக்டர் சுருட்டினாருன்னு சொல்ற மாரி கீது."

எனக்குச் சட்டென்று உறைத்தது. தமிழில் அந்த ஒரு சொல்லிலேயே திருட்டு இருக்கிறது. அதைப் போட்டால் வாசகர் கண் சிமிட்டிவிட்டு, "ஓ, ஊழலைச் சொல்கிறார்" என்று முடிவு செய்துவிடுவார். அந்தக் கணத்தில் ஆறு காய்ந்துவிடும். வெறும் உவமையாகிவிடும். அந்த எழுத்தாளர் அப்படிச் செய்யவில்லை. அவருடைய ஆறு கடைசிவரை ஈரமாகவே இருக்கிறது, அதன் மடிப்புகளுக்குள் மீன்கள் துள்ளுகின்றன. அது எதையாவது குறிக்கிறதென்றால், முதலில் ஆறாக இருந்துவிட்டுத்தான் குறிக்கிறது.

'எடுத்தார்கள்' போட்டுப் பார்த்தோம். சப்பென்று இருந்தது. 'பெயர்த்தார்கள்' கல் மாதிரி கனத்தது. நான்காவது நாள், ஜெராக்ஸ் இயந்திரத்தில் காகிதம் அடைத்துக்கொண்டு, அவர் அதைக் குனிந்து பிடுங்கிக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், கல்யாணம் முடிஞ்சதும் ஷாமியானா மடிப்பாங்க பாத்துகிறீங்களா? ரெண்டு பேரு ரெண்டு முனைய புட்சிகினு, நடந்து வந்து முனையோட முனை சேப்பாங்க. அப்புறம் இன்னும் ரெண்டு பேரு. யாரும் பேசமாட்டாங்க. அவங்களுக்கு அது டெய்லி வேலை."

நான் அங்கேயே கடையின் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதினேன். 'இரு கரைகளிலும் நின்றவர்கள் ஆற்றின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்தார்கள். முனையோடு முனை சேர்ந்ததும், நடுவில் நின்றவர் ஒரு தட்டுத் தட்டிக் காற்றை வெளியேற்றினார். ஆற்றை மடித்துக் கொண்டுபோனார்கள்.'

அவர் அதைத் தட்டி முடித்து, திரையில் ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து போய்ப் பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு டீயும் இரண்டு வெங்காய சமோசாவும் வாங்கி வந்தார். "இது நம்ம ட்ரீட்டு" என்றார்.

சமோசா சாப்பிடும்போதுதான் நான் பல நாளாய் நினைத்திருந்ததைக் கேட்டேன். "உங்களுக்கு இந்தக் கதை விசித்திரமா தோணலையா?"

"எதுக்குத் தோணணும்? எங்க வூடு இருக்கற எடம் ஏரி டீச்சர். நான் சின்னப் பொண்ணா இருக்கசொல்ல அதுல தண்ணி இருந்துச்சு. இப்ப மூணு குறுக்குத் தெரு கீது. ஏரி எங்க போச்சுன்னு யாரும் கேக்கல. தெருவுக்கு லைட்டு வரலன்னுதான் சண்டை."

அவர் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அப்புறம் ஒரு மழைக்கு ஏரி திரும்பி வந்துச்சு. மாடி வரைக்கும். தெருவுல படகு வருது. நாங்க மாடியிலேர்ந்து கைய காட்டி நிறுத்தறோம். படகுக்காரரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'மெயின் ரோடு வரைக்கும்தான், அதுக்கு மேல போவாது' அப்டின்னாரு. ஷேர் ஆட்டோ மாரியே! எங்க மாமியா அதுக்கு மேல. 'தம்பி, திரும்பி வரசொல்ல ரெண்டு பால் பாக்கெட் வாங்கிகினு வாப்பா'ன்னாங்க. அவரும் வாங்கிகினு வந்தாரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் ஆதார் அட்டையோடு வந்த ஒருவர் வாசலிலேயே தயங்கி நின்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஊர் எதற்கு வியக்கவில்லை என்பது அந்த ஊருக்கு என்னென்ன பழகிப்போயிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எதற்கு வியக்கிறது என்பது, அதற்கு இதுவரை எது கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறது. நாவலில் அந்த மக்களிடமிருந்து காடு போயிருக்கிறது, நிலம் போயிருக்கிறது, பிள்ளைகள் போயிருக்கிறார்கள். ஆறு போவது அந்த வரிசையில் இன்னொன்று. ஆனால் எடுத்துக்கொண்டதற்கு இதுவரை யாரும் ஒரு காகிதம்கூடக் கொடுத்ததில்லை. அதனால்தான் அவர்களுக்கு ஆறு சாதாரணம், ரசீது அற்புதம்.

பிள்ளைகள் வரும் பக்கத்தை நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை தட்டினோம். வரிசையின் கடைசியில் ஒரு தாய் நிற்கிறாள். அவளுடைய இரண்டு மகன்களை முன்னொரு காலத்தில் இதே மாதிரி லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள், திரும்பவில்லை. அவள் ஆற்றின் ரசீதை வாங்கிப் பார்த்துவிட்டுக் குமாஸ்தாவிடம் கேட்கிறாள்: "இதிலேயே அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்து எழுதித் தர முடியுமா?"

டிடிபி கடைக்காரரின் விரல்கள் நின்றன. "படிங்க டீச்சர்" என்றார் பிறகு. கண்ணைத் துடைத்துக்கொண்டாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எல்லாம் முடிந்து பிரதியை அனுப்பிய பிறகு பதிப்பாசிரியர் தொலைபேசினார். மொழிபெயர்ப்பு பிரமாதம் என்றார். ஒன்றே ஒன்றுதான் குறை என்றார்.

"ஒரு முன்னுரை வேணும் மேடம். இது மாய யதார்த்தம், தென் அமெரிக்காவுல பெருசாச்சு, சர்வாதிகாரமும் காலனி ஆட்சியும் பாத்த பல நாடுகள்ல இந்த மாதிரி எழுதறாங்க, ஆறுங்கறது இயற்கை வளத்தோட குறியீடு, ரசீதுங்கறது அதிகாரத்தோட குறியீடு. நாலு பக்கம். இல்லன்னா நம்ம வாசகர்கள் அந்த இடத்துலயே 'ஆத்த எப்படி மடிப்பாங்க'ன்னு மூடி வெச்சிடுவாங்க."

அவர் சொன்ன வரலாறு சரிதான். ஆனால் நாலு பக்கம் அதைச் சொன்ன பிறகு ஆறு எங்கே ஓடும்? மறுநாள் கடையில் இதைச் சொன்னேன்.

"ஆறு குறியீடுன்னா, அந்தப் பொம்பள அலசின போர்வ எதுல நனைஞ்சுது?" என்றார் அவர்.

இந்தக் கேள்வியை அப்படியே பதிப்பாசிரியருக்குச் சொன்னேன். பிறகு அவரே ஒரு யோசனை சொன்னார். இலக்கியக் கூட்டத்துக்கெல்லாம் போகாத ஆட்கள் முன்னால் அந்த அத்தியாயத்தைப் படிப்போம். யாராவது ஒருவர் 'ஆற்றை எப்படி மடிக்க முடியும்' என்று கேட்டால் முன்னுரை உண்டு. யாரும் கேட்காவிட்டால் இல்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு எங்கள் குடியிருப்பின் சமுதாயக் கூடத்தில் ஏற்பாடு. பஜ்ஜி உண்டு என்று வாட்ஸ்அப்பில் போட்டதால் இருபத்தைந்து பேர் வந்துவிட்டார்கள். டிடிபி கடைக்காரர் நல்ல புடவை உடுத்திக்கொண்டு கணவரோடு வந்தார். அவர் கணவர் பெருங்களத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். பதிப்பாசிரியர் துணிப்பையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

நான் படித்தேன். ஒரு இடத்திலும் குரலை உயர்த்தவில்லை. பள்ளியில் வருகைப்பதிவு கூப்பிடுகிற குரலிலேயே ஆற்றை மடித்தேன், லாரியில் ஏற்றினேன், ரசீது கொடுத்தேன். அந்தத் தாய் கேட்ட கேள்வியோடு நிறுத்தினேன்.

பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தேன்.

முதல் வரிசையில் இருந்த எங்கள் இரண்டாவது மாடிக்காரர் கையை உயர்த்தினார். தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"மேடம், ஒரு டவுட்டு."

பதிப்பாசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்த ரசீதுல சர்வே நம்பர் போட்டாங்களா?"

நான் கண்ணைத் திறந்தேன். "இல்ல சார்."

"அப்ப அது செல்லாது." அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "வெறுமனே 'ஆறு ஒண்ணு'ன்னு போட்டா எந்த ஆறு? நாளைக்கு அவங்க திரும்பிக் கேட்டா, வேற ஆத்தக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிடுவான்."

"நீளம் அகலமும் இல்லியே" என்றார் என் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஆசிரியை. "மடிச்ச அளவா, விரிச்ச அளவா?"

"அது கெடக்கட்டும்ங்க" என்றார் டிடிபி கடைக்காரரின் கணவர், பின்வரிசையிலிருந்து. "அவ்ளோ ஈரமா லோடு ஏத்திகினு போனா டோல்கேட்ல புடிக்க மாட்டான்? தார்ப்பா போட்டானா இல்லியா, அதச் சொல்லுங்க மொதல்ல."

கூடம் கலகலத்துவிட்டது. தார்ப்பாய் போட்டாலும் சொட்டும் என்று ஒருவர். பத்து நிமிடம் கொடுத்த அதிகாரி நல்ல மனுஷன் என்று ஒரு அம்மா. "நல்ல மனுஷனாவது, அரை மணி குடுத்தா என்ன கொறஞ்சு போகும்?" என்று இன்னொரு அம்மா. ரசீதை லேமினேட் செய்திருக்க வேண்டும், சட்டம் போட்டால் பூச்சி அரிக்கும் என்று ஒரு யோசனையும் வந்தது.

மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு இளைஞர் மட்டும் மெதுவாக, "ஆன்ட்டி, இது ஃபேண்டஸி கதையா?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் தாலுகா அலுவலகத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "இதுல என்னப்பா ஃபேண்டஸி இருக்கு? ஆர்டர் இருந்தா எடுக்கவேண்டியதுதான். ஆர்டர் நம்பர் என்னன்னுதான் பாக்கணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு பொங்கியது. அந்தச் சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் சில்லென்றும் இருந்தது. ஆறு போவதற்கு வியக்காத அந்த ஊரை எங்கேயோ கடல் தாண்டி இருப்பதாக நினைத்து ஒரு வருடம் மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த ஊர் ஆட்கள் இதோ என் எதிரில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. படித்துக்கொண்டிருந்தபோது எனக்குமே ஆற்றைப் பற்றிக் கவலை வரவில்லையே, அந்த ரசீதைப் பற்றித்தானே வந்தது.

கணக்கு ஆசிரியைதான் கடைசியில் கேட்டார், சத்தம் அடங்கியபோது. "அந்த அம்மாவுக்கு எழுதிக் குடுத்தானா இல்லியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த பக்கத்தைப் படித்தேன். குமாஸ்தா படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்க்கிறான். அதில் ஆட்களுக்குக் கட்டம் இல்லை. பேனாவை உதறிவிட்டு, 'குறிப்பு' என்று இருக்கும் இடத்தில், கோட்டுக்கு வெளியே போகாமல் சின்ன எழுத்தில் எழுதுகிறான்: 'மகன்கள், இரண்டு. மூத்தவன் உயரம்.' கையெழுத்துப் போடுகிறான். அவள் அதை வாங்கி, மை காயட்டும் என்று வீடு வரைக்கும் காற்றில் பிடித்துக்கொண்டே நடக்கிறாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. தாலுகா அலுவலகத்துக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது செல்லும்" என்றார்.

பதிப்பாசிரியர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வரவேயில்லை. தேடிப் போனால், பஜ்ஜித் தட்டோடு ஷேர் ஆட்டோக்காரரிடம் நின்று, ஆற்றுக்கு எத்தனை டன் வரும், எத்தனை சக்கர லாரி வேண்டும் என்று விவாதித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சட்னியோடு இருந்த கையை ஆட்டினார். "முன்னுரை வேணாம் மேடம். ஆனா அந்த லாரிக்குப் பத்து சக்கரம் போதாதுங்கறாரு இவரு. மூலத்துல என்ன இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

புத்தகம் நான்கு மாதம் கழித்து வந்தது. எனக்குரிய பத்துப் பிரதிகளை வாங்கிக்கொண்டு நேராக மேற்குத் தாம்பரம் போனேன். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, முதலில் விலையைப் பார்த்தார், பிறகு அட்டையை முகர்ந்தார், பிறகு உள்பக்கத்தைத் திருப்பினார். என் பெயருக்குக் கீழே, தட்டச்சும் செம்மையாக்கமும் என்று அவர் பெயரைப் போடச் சொல்லியிருந்தேன். அதைத் தட்டியதும் அவரேதான்.

ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"இனிஷியல் தப்பா அட்ச்சிருக்கேன் டீச்சர். எங்க அப்பா பேரே மாறிப்போச்சு."

நான் பதறிப்போய்ப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். புத்தகம் முழுவதிலும் ஒரு பிழை இல்லை, அந்த ஒரு எழுத்தைத் தவிர. அடுத்த பதிப்பில் திருத்தச் சொல்கிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. பேனாவை எடுத்து அந்த எழுத்தை அடித்து, மேலே சரியான எழுத்தை எழுதி, பக்கத்தில் சின்னதாய்க் கையெழுத்தும் போட்டார். பிறகு மற்ற ஒன்பது பிரதிகளையும் கொடுங்கள் என்று கையை நீட்டினார். ஒவ்வொன்றாய்ப் பிரித்துக் கொடுத்தேன், அவர் திருத்திக்கொண்டே வந்தார். கல்யாணப் பத்திரிகை வாங்க வந்த ஒரு தம்பதி, என்ன விஷயம் என்று கேட்டபடி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு ஆறு போன கதை என்றேன். "எந்த ஏரியாவுல?" என்று கேட்டார் அந்த மனைவி.